துருப்பிடித்த நட்டும் முறிந்த ஸ்டட்டும்: கேள்வி-பதில்

கே: பைக் சைலன்சரைக் கழற்றும்போது எஞ்சின் ஹெட்டில் இருந்த 6 எம்.எம். ஸ்டட் முறிந்துவிட்டது. அரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் ஹெட்டையே மாற்றச் சொல்கிறார். (ஈரோடு)

ப: மாற்றாதீர்கள். வெளியே துண்டு நீட்டிக்கொண்டிருக்கும்போது ஹெட் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடவே கூடாது. நல்ல வெல்டரிடம் கொண்டுபோங்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். துண்டின் மேல் 8 எம்.எம். நட்டு ஒன்றை வைத்து, அதன் துளைக்குள் வெல்டை நிரப்பச் சொல்லுங்கள். ஹெட் அலுமினியம் என்பதால் இரும்பு வெல்டு அதில் ஒட்டாது. உண்மையில் வேலை செய்வது அந்தச் சூடுதான்: ஸ்டட் சூடேறி விரிந்து, ஆறும்போது சுருங்கும். அப்போது மரைக்குள் இருக்கும் துருவின் பிடி விடும். செந்நிறம் போனபின் ஸ்பேனர் போட்டு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்தே எடுக்க வேண்டும். ஒரே திருப்பில் கழற்ற நினைத்தால் மறுபடி முறியும். முதல் தடவை வெல்டு பிய்ந்துவந்தால் இன்னொரு நட்டை வைக்கலாம்.

கே: துருப்பிடித்த நட்டில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். நட்டு அசையவில்லை. வேறு பிராண்டு வாங்கலாமா?

ப: வேண்டாம். அதையே இரண்டு மூன்று முறை அடித்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

கே: ஆன்லைனில் மலிவாக, உடைந்த போல்ட் எடுக்கும் செட் வாங்கினேன். அது துளைக்குள்ளேயே முறிந்துவிட்டது.

ப: உங்கள் மேல் கோபமில்லை. இதே மாதிரி ஒரு செட் என் வீட்டிலும் கிடக்கிறது. ஐந்தில் இரண்டுக்கு முனை இல்லை. இடமரை போட்ட கூம்புதான் அந்தக் கருவி. திருப்பத் திருப்ப உள்ளே இறங்கி, துளையிட்டு மெலிந்த போல்ட்டை வெளிப்பக்கமாக அகட்டி, மரையோடு இன்னும் இறுக்கிவிடுகிறது. விளம்பர வீடியோவில் வருவது துருவே ஏறாத போல்ட்! அதற்கு விரலே போதும். கருவியோ கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் அதில் ஏறாது. இனி மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் வைத்திருக்கும் பட்டறைதான் வழி.

அடுத்த முறை நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, இடச்சுற்று டிரில் பிட்டால் துளையிடுங்கள். பல நேரம் பிட்டின் சூட்டிலும் இழுப்பிலுமே துண்டு வெளியே வந்துவிடும். வராவிட்டால் 6 எம்.எம். போல்ட்டுக்கு 5 எம்.எம். துளைதான் எல்லை, அதைத் தாண்டினால் பிட் மரையைத் தின்னும். துளை சரியாக நடுவில் விழுந்திருந்தால், மிச்சத்தை ஊசியால் நெம்பிச் சுருளாக உரித்துவிடலாம்.

கே: மோட்டார் அடித்தட்டு நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. பைப் ரிஞ்சு போட்டேன்.

ப: அதனால்தான் மழுங்கின. ஆறு முனை சாக்கெட் போட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இப்போது நட்டைப் பலிகொடுங்கள். ஒரு பக்கத்தை ஹாக்சா பிளேடால் மேலிருந்து கீழாக அறுத்து, மரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் நட்டு பிளந்துவிடும், போல்ட்டின் மரை தப்பிக்கும். புது நட்டு போடும்போது கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.