குடியும் விறைப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செந்தூலில் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான். சளிக்கு மருந்து வாங்க வந்தவர் எழுந்து கதவுவரை போய்விட்டு, "டாக்டர், இன்னொன்று..." என்று திரும்புவார். அந்த இன்னொன்று பல நேரம் இதுதான். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கேட்கக் கூச்சப்பட்டதை இங்கே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பூச்சோங்கிலிருந்து, வயது 38: டாக்டர், இரண்டு பியர் போட்டால் தைரியம் வருகிறது, ஆசையும் வருகிறது. ஆனால் நேரம் வரும்போது எழும்புவதில்லை. குடிக்காத நாளில் காலையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. இது நோயா?

இப்போதைக்கு நோய் இல்லை தம்பி. அந்த ராத்திரியோடு போகிற கோளாறு. ஆசை வந்தால் மூளையிலிருந்து முதுகுத்தண்டின் அடிவரை செய்தி போக வேண்டும். அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் ஆண்குறியின் ரத்தக்குழாய்த் தசைகளைத் தளர்த்தும், ரத்தம் உள்ளே நிரம்பும். மது கூச்சத்தை மரத்துப்போக வைக்கிற அதே வேகத்தில் இந்தச் செய்தியையும் மந்தமாக்குகிறது. தைரியத்தையும் தடுமாற்றத்தையும் ஒரே போத்தல்தான் தருகிறது.

உங்களுக்குக் காலையில் விறைப்பு வருகிறது என்பது நல்ல சேதி. நல்ல உடல்நிலையில் உள்ள ஆணுக்குத் தூக்கத்தில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு தானாகவே வந்து போகும். அது இருந்தால் நரம்பும் ரத்தக்குழாயும் பெரும்பாலும் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குடித்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் அது இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அந்த விறைப்பு கனவு காணும் தூக்கத்தில் வருவது; மது அந்தத் தூக்கத்தையே குறைத்துவிடும். குடிக்காத காலைகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு முறை தோற்றவருக்கு மூன்றாவது முறை பயம் வரும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதே ரத்தக்குழாய்களை இறுக்கும். பயம் போக இன்னொரு போத்தல், அதனால் மறுபடி தோல்வி என்று இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

செந்தூலிலிருந்து ஒரு மனைவி: ஐயா, என் வீட்டுக்காரருக்கு 45 வயது. ஒன்றரை வருடமாக எங்களுக்குள் ஒன்றும் இல்லை. வயசாகிவிட்டது என்கிறார். தினமும் குடிப்பவர். ராத்திரி கால் எரிகிறது என்று போர்வையை உதறிவிட்டுப் பாதத்தைக் காற்றாடிப் பக்கம் நீட்டிக்கொண்டு தூங்குகிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்படாதீர்கள் அம்மா. மிகச் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நீண்ட நாள் குடி நரம்பை இரண்டு வழியில் கெடுக்கும். மதுவே நரம்புக்கு நஞ்சு. அதோடு, குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் தயமின் எனும் பி1 வைட்டமின் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. மிக நீளமான நரம்பு முதலில் அடிபடும், அதனால்தான் பாதத்தில் தொடங்குகிறது. விறைப்பை நடத்தும் மெல்லிய நரம்புகளும் இதே வகையில் பாதிக்கப்படலாம். ஆண்குறிக்குள் நடப்பதை நீங்கள் பார்க்க முடியாது, பாதத்தைப் பார்க்க முடியும்.

என்னிடம் வந்த ஒரு லோரி ஓட்டுநரின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வயது 44. பதினைந்து வருடமாக ராத்திரிக்கு மூன்று பெரிய பியர். 640 மில்லி போத்தலில் 5 விழுக்காடு மது என்றால் சுமார் 25 கிராம் சுத்த மது. மூன்றுக்கு 75 கிராம். காலை விறைப்பு நின்று ஒரு வருடத்துக்கு மேல். பெருவிரலில் இசைக்கவையை அதிர வைத்துப் பிடித்தேன், அதிர்வு தெரியவில்லை. கணுக்காலில் தட்டினால் கால் துள்ளவில்லை. மார்பில் லேசான வீக்கம், தொட்டால் வலி. விதைகள் கொஞ்சம் சிறுத்திருந்தன. காலை எட்டு மணிக்கு எடுத்த டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 7.4 நானோமோல், மறுபடி எடுத்தபோது 7.9. எங்கள் ஆய்வுக்கூடக் கணக்கில் அது குறைவு. சர்க்கரை இல்லை.

அவருக்கு நரம்பு, ஹார்மோன் இரண்டுமே அடிபட்டிருந்தன. காலையில் கை நடுங்கும் என்று சொன்னதால் வீட்டில் நிறுத்தச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அடுத்து மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் சேர்த்து, நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து அதைப் படிப்படியாகக் குறைத்து, தயமின் ஊசி போட்டு நிறுத்தினார்கள். ஆறாவது வாரம் ஒரு காலையில் விறைப்பு வந்ததாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்றாம் மாதம் டெஸ்டோஸ்டிரோன் 13 ஆனது. கால் எரிச்சல் குறைய எட்டு மாதம் பிடித்தது. ஒரு வருடம் கழித்தும் விரல் நுனி மரத்தேதான் இருக்கிறது, விறைப்பும் எல்லா நாளும் முழுமையாக இல்லை, சில நாள் மாத்திரை வேண்டியிருக்கிறது. உள்ளபடியே சொல்கிறேன்: ஹார்மோன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திரும்புகிறது. நரம்பு மிக மெதுவாகத்தான் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை.

கிள்ளானிலிருந்து, வயது 41: கல்லீரல் கெட்டால்தான் ஹார்மோன் குறையும் என்று படித்தேன். என் லிவர் டெஸ்ட் நார்மல். அப்புறம் ஏன் குடியைக் குறைக்க வேண்டும்? நேராக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளலாமே?

நீங்கள் படித்ததில் பாதி சரி. கல்லீரல் கெட்டவர் உடலில் பெண் ஹார்மோன் ஏறும், டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் புரதமும் கூடும். அதனால் மொத்த அளவு நன்றாகத் தெரிந்தாலும் உடம்பு பயன்படுத்தக்கூடிய அளவு குறைந்திருக்கும்.

மீதிப் பாதி: கல்லீரல் நன்றாக இருக்கும்போதே மது விதைகளில் ஹார்மோன் செய்யும் செல்களை நேராகத் தாக்குகிறது. விதைக்குக் கட்டளை அனுப்பும் மூளைச் சுரப்பியையும் அடக்குகிறது. அந்த லோரி ஓட்டுநருக்கு டெஸ்டோஸ்டிரோன் அவ்வளவு குறைந்திருந்தும் மூளையின் கட்டளை ஹார்மோன் ஏறவே இல்லை. மேலிருந்தும் கீழிருந்தும் அடி.

ஊசியை இப்போது தொடாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உங்கள் விதை தன் வேலையை நிறுத்திக்கொள்ளும், விந்தணுவும் குறையும். குடி நின்றாலே தானாக ஏறக்கூடிய ஒன்றுக்கு ஏன் அந்த விலை? பரிசோதனையைக் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாளில் செய்யுங்கள். ராத்திரி ஷிஃப்ட் என்றால் தூங்கி எழுந்ததும். நிறையக் குடித்த மறுநாள் வேண்டாம், அன்று அளவு தற்காலிகமாக இறங்கியிருக்கும்.

ராவாங்கிலிருந்து, வயது 29: கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. வார இறுதியில் குடிப்பேன். விறைப்பில் பிரச்சினை இல்லை. எனக்கும் இதே சிகிச்சைதானே?

இல்லை தம்பி, இது வேறு விஷயம். விறைப்பு நன்றாக இருந்தும் விந்தணு குறைவாக இருக்கலாம். விந்துப் பரிசோதனை செய்யுங்கள், மனைவியும் சேர்ந்து பரிசோதிக்கட்டும். விந்தணு உருவாகி வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதனால் இன்று குடியை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

செராசிலிருந்து, வயது 47: இரண்டு வாரமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. நீங்கள் சொல்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை, முன்பைவிட மோசம். தூக்கமும் இல்லை, ஆசையும் இல்லை. குடித்தபோதாவது கொஞ்சம் முடிந்தது.

அண்ணே, பலர் திரும்பிக் கடைக்குப் போவது இந்த இரண்டாவது வாரத்தில்தான். உங்களுக்கு நடப்பது எதிர்பார்த்ததுதான். பல வருடம் மதுவோடு தூங்கிப் பழகிய மூளை, அது இல்லாமல் தூங்கக் கற்றுக்கொள்ள வாரங்கள் எடுக்கும். தூக்கம் உடையும், கனவுகள் கலவரமாக வரும், எரிச்சல் கூடும். தூக்கம் கெட்டால் டெஸ்டோஸ்டிரோனும் இறங்கும். இந்த நிலையில் ஆசை வராததில் ஆச்சரியமே இல்லை.

மூன்று மாதம் முடியும்வரை தீர்ப்பு எழுதாதீர்கள். அதுவரை படுக்கையில் பரீட்சை வைக்காமல், குடிக்காத காலைகளில் விறைப்பு வந்ததா என்று மட்டும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். ஆறு வாரத்தில் கோடுகள் கூடினால் வழி சரி. மூன்று மாதமாகியும் ஒரு கோடுகூட இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை, மன அழுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அதுவும் காரணமாக இருக்கலாம். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: கடையில் விற்கும் ஆண்மைக் காபி குடித்தேன், அரை மணியில் வேலை செய்தது. அப்போ நரம்பு கெடவில்லை என்றுதானே அர்த்தம்?

வெறும் மூலிகை அரை மணியில் அப்படி வேலை செய்யாது. இப்படிப்பட்ட காபிகளில் சில்டெனாபில் போன்ற விறைப்பு மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை பயன்படுத்துபவர் இதைக் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மதுவோடு சேர்ந்தாலும் அழுத்தம் இறங்கும். மருந்து வேண்டுமென்றால் மருத்துவரிடம் அளவு தெரிந்து வாங்குங்கள்.

பினாங்கிலிருந்து ஓய்வுபெற்ற தாதி: டாக்டர், எல்லாவற்றையும் மது தலையில் போடுகிறீர்கள். நம்மவர்களுக்குக் கால் எரிச்சல் என்றால் முதலில் இனிப்புநீர்தான். அதைச் சொல்லவே இல்லையே?

நீங்கள் சொல்வது சரி, நான் முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இனிப்புநீரும் அதே நரம்புகளைத்தான் கெடுக்கும், கூடவே ரத்தக்குழாயையும் அடைக்கும். குடிப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது பல நேரம் முடியாது. ஆண்குறியின் ரத்தக்குழாய் இதயத்தின் ரத்தக்குழாயைவிடச் சிறியது, அதனால் அடைப்பு முதலில் அங்கே தெரியலாம். ஆகவே சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்காமல் குடிதான் காரணம் என்று நான் முடிவு செய்வதில்லை.

காஜாங்கிலிருந்து, வயது 35: முழுதாக விட முடியாது டாக்டர். எவ்வளவு குடித்தால் பரவாயில்லை?

விறைப்புக்கு இதுதான் எல்லை என்று ஒரு எண்ணை என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது. எப்போதாவது ஒன்றிரண்டு குடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொந்தரவு வருவதில்லை. ஆனால் ஏற்கெனவே பாதம் மரத்தவருக்கு, மார்பு வீங்கியவருக்கு, குறைப்பது போதாது, விட்டே ஆக வேண்டும். உங்களுக்கு அந்த அடையாளங்களும் காலையில் கை நடுக்கமும் இல்லையென்றால் முதலில் மூன்று மாதம் முழுதாக நிறுத்திப் பாருங்கள். விட முடியவில்லை என்று தெரிந்தால் அதுவும் ஒரு பதில்தான். அதற்கு மருந்து இருக்கிறது, வாருங்கள்.

செந்தூல் மனைவி மறுபடியும்: இந்த விஷயத்துக்கு என்று சொன்னால் அவர் வரவே மாட்டார் ஐயா. எப்படி அழைத்து வருவது?

கால் எரிச்சலுக்கு என்று சொல்லி அழைத்து வாருங்கள் அம்மா, அது பொய் இல்லை. காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில். அரசாங்கக் கிளினிக்கிலும் காட்டலாம், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். காலையில் கை நடுங்குகிறதா என்று மட்டும் நீங்கள் முன்கூட்டியே பார்த்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றதை அவரிடம் தனியாக மருத்துவர் கேட்டுக்கொள்வார்.