மைக்ரேனுக்கு எதற்கு லீவு கணக்கு?

"ஒற்றைத் தலைவலிக்குப் போனால், மூன்று மாதத்தில் எத்தனை நாள் வேலை கெட்டது என்று தாளில் எழுதச் சொல்கிறார்கள். அது எதற்கு?"

அந்தத் தாளின் பெயர் மைடாஸ். வலி உங்கள் நாட்களில் எவ்வளவைத் தின்றது என்பதற்கு ஐந்து கேள்விகளில் ஒரு கணக்கு. தோட்டத்து மோட்டார் பழுதானால், சத்தம் எப்படி என்பதைவிட எத்தனை நாள் தண்ணீர் பாயவில்லை என்றுதானே முதலில் பார்ப்போம்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகாதது 2 நாள். போயும் பாதி வேலைகூட ஓடாதது 5. வீட்டு வேலை அப்படியே கிடந்தது 3, பாதிக்குமேல் கெட்டது 4. விசேஷத்துக்குப் போக முடியாதது 1. கூட்டினால் 15. 5 வரை பாதிப்பு மிகக் குறைவு, 10 வரை லேசானது, 20 வரை நடுத்தரம், அதற்குமேல் கடுமை.

"லீவே போடவில்லை" என்று சொல்பவர்களிடம்தான் வேலைக்குப் போயும் வேலை ஓடாத அந்த 5 நாள் ஒளிந்திருக்கும். அதைக் கேட்காவிட்டால் வெறும் வலிமாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். 15 என்று தெரிந்தால், வலி வராமலே தடுக்கும் தினசரி மருந்து வேண்டுமா என்று மருத்துவர் யோசிப்பார். அப்புறம் மூன்று மாதம் கழித்து அதே தாளை நிரப்பினால், மருந்து கேட்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

எண் கூடினால் மூளையில் ஏதோ கோளாறு என்று பலர் பயப்படுகிறார்கள். அது இழந்த நாட்களின் கணக்கு மட்டுமே, நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல.