ஆயுள் மாறினால் பழைய தேய்மானத்தைத் தொடாதீர்கள்: என் மோல்டு கணக்கு

கேள்வி: கம்பெனியில் ஒரு மோல்டுக்கு உற்பத்தி அலகு முறையிலும், இன்னொரு கருவிக்கு ஆண்டு இலக்கங்களின் கூட்டு முறையிலும் தேய்மானம் போடுகிறோம். இரண்டு வருடம் கழித்து ஆயுள் மாறிவிட்டது. முதலிலிருந்து திருப்பிப் போட வேண்டுமா?

வேண்டாம். நான் அப்படிப் போட்டு, ஆடிட்டர் முன்னால் முழித்திருக்கிறேன். நீங்கள் அநேகமாக என்னைப் போல அக்கவுண்ட்ஸில் தனி ஆளாக உட்கார்ந்திருப்பவர், டூல் ரூமிலிருந்து திடீரென்று ஒரு காகிதம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நான் சி.ஏ. இல்லை, இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். "இந்த முறைகளை எல்லாம் எவன்யா பயன்படுத்துகிறான்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: மோல்டு என்கிற வார்ப்பு அச்சு வைத்திருக்கிற கம்பெனிகளில் ஷாட் கணக்கு, அதாவது அது எத்தனை முறை வார்த்தது என்ற கணக்கு, வைத்துத் தேய்மானம் போடுவதுதான் நியாயம். கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே பயன்பாட்டு ஆயுளை வருடத்தில் மட்டுமல்ல, உற்பத்தி எண்ணிக்கையிலும் சொல்லலாம் என்கிறது.

எங்களுடையது கோவைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. மோட்டாரின் பின்பக்கம் சுற்றுகிற குளிர்விப்பு விசிறிக்கு ஒரு மோல்டு வாங்கினோம். விலை 12,60,000 ரூபாய். கடைசியில் கழித்துப் போட்டால் 60,000 தேறும். செய்து கொடுத்தவர் 6,00,000 ஷாட் அடிக்கும் என்றார். ஆக, தேய வேண்டியது 12,00,000. ஒரு ஷாட்டுக்கு 2 ரூபாய். முதல் வருடம் 1,50,000 ஷாட், 3,00,000 ரூபாய். இரண்டாம் வருடம் 1,30,000 ஷாட், 2,60,000 ரூபாய். புத்தகத்தில் மோல்டின் மதிப்பு 7,00,000-க்கு இறங்கியது.

இதில் ஒரு இடறல் உண்டு. எங்கள் மோல்டில் இரண்டு கேவிட்டி, ஒரு ஷாட்டுக்கு இரண்டு விசிறி. ஆரம்பத்தில் நான் டெஸ்பாட்ச் ரெஜிஸ்டரைப் பார்த்து விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதைப் பாதியாக்கினாலும் சரி வராது, ஏனென்றால் ரிஜெக்ட் ஆன ஷாட்டும் மோல்டைத் தேய்க்கத்தான் செய்யும். மெஷினில் இருக்கிற ஷாட் கவுண்டரை மாதக் கடைசியில் படித்து எழுதுங்கள். மோல்டு வேறு மெஷினுக்கு மாறுகிற நாளிலும் படித்து எழுதுங்கள்.

மூன்றாம் வருட ஏப்ரலில் வாடிக்கையாளர் பிளாஸ்டிக்கை மாற்றச் சொன்னார். அதுவரை 15 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான், இனிமேல் 30 சதவீதம். கண்ணாடி இழை உப்புத்தாள் மாதிரி எஃகை அரிக்கும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழைகிற கேட் பக்கம் முதலில் தேயும், பிறகு மோல்டின் இரண்டு பாதிகள் சேருகிற கோட்டில் பிளாஸ்டிக் ஃபிளாஷாகக் கசியும். எங்கள் மோல்டு ஓரளவே கடினப்படுத்திய பி20 எஃகு. மோல்டு செய்தவர் வந்து பார்த்துவிட்டு, "சார், இனி ரெண்டு லட்சம் ஷாட்டுக்கு மேல நான் பொறுப்பில்லைங்க" என்று எழுதியே கொடுத்துவிட்டார். 2,80,000 ஏற்கெனவே அடித்தாயிற்று. ஆக மொத்த ஆயுள் 4,80,000.

நான் என்ன செய்தேன்? 12,00,000-ஐ 4,80,000-ஆல் வகுத்தேன், ஷாட்டுக்கு 2.50 ரூபாய். பழைய 2,80,000 ஷாட்டுக்கும் 2.50 போட்டால் 7,00,000 வருகிறது, போட்டதோ 5,60,000. குறைந்த 1,40,000-ஐ "முந்தைய ஆண்டுத் தேய்மானம்" என்று ஒரே என்ட்ரியில் அடித்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது. செப்டம்பரில் ஆடிட்டர் அதில் விரலை வைத்தார். "போன வருஷம் உங்களுக்கு இந்த 30 சதவீதம் தெரியுமாங்க?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப போன வருஷக் கணக்குல தப்பே இல்லையே. எதைத் திருத்துறீங்க?"

அன்று இருந்த தகவலுக்கு அன்றைய மதிப்பீடு சரி. தகவல் மாறினால் மதிப்பீடு மாறும், அந்த மாற்றம் முன்னோக்கித்தான் போகும். ஏ.எஸ். 10 என்கிற கணக்கியல் தரநிலை ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ஆயுளையும் கழிவு மதிப்பையும் மறுபடி பார்க்கச் சொல்கிறது. மாறியிருந்தால் மிச்ச மதிப்பை மிச்ச ஆயுளுக்குப் பரப்ப வேண்டும். என் 1,40,000 என்ட்ரியை எடுத்துவிட்டு அப்படிப் போட்டோம்: 7,00,000-இல் கழிவு 60,000 போக 6,40,000. மிச்ச ஷாட் 2,00,000. ஷாட்டுக்கு 3.20 ரூபாய். அந்த வருடம் 1,20,000 ஷாட் ஓடியது, 3,84,000 ரூபாய். கழிவு மதிப்பும் மாறியிருந்தால் 60,000-க்குப் பதில் புதிய எண்ணைப் போட்டிருப்போம்.

ஆடிட்டரின் கேள்விக்கு நான் "தெரியும்" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. தகவல் கையில் இருந்தும் கவனிக்காமல் விட்டிருந்தால் அது பிழை, பிழைக்கு முந்தைய காலத் திருத்தம் உண்டு. அதனால்தான் மோல்டு செய்தவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் தேதி முக்கியம். ஃபைலில் வையுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கருவி. டிசைன் அறைக்கு ஒரு த்ரீடி ஸ்கேனர் வாங்கினோம், 15,75,000 ரூபாய், கழிவு 75,000, ஆயுள் 5 வருடம். ஆரம்பத்தில் மதிப்பு வேகமாக இறங்குகிற பொருள் என்பதால் ஆண்டு இலக்கக் கூட்டு. 5+4+3+2+1, மொத்தம் 15. முதல் வருடம் 15,00,000-இல் பதினைந்தில் ஐந்து பங்கு, 5,00,000. அடுத்து நான்கு பங்கு, 4,00,000. மதிப்பு 6,75,000. அப்போது சாஃப்ட்வேரைப் புதுப்பித்துத் தந்ததால் இன்னும் 4 வருடம் ஓடும் என்றானது, மொத்தம் 6.

இங்கே வகுக்கிற எண்ணில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். மொத்தம் 6 வருடம், எனவே கூட்டு 21 என்று எடுத்து, மிச்ச 6,00,000-ஐ 4/21, 3/21 என்று பிரித்தால் நான்கு வருடத்தில் பத்துப் பங்குதான் தேயும். 3,14,000 ரூபாய்க்கும் அதிகமான தொகை தேயாமலே மிஞ்சி நிற்கும். மிச்ச வருடம் 4 என்றால் கூட்டை மறுபடி தொடங்குங்கள்: 4+3+2+1, மொத்தம் 10. மூன்றாம் வருடம் 2,40,000, பிறகு 1,80,000, 1,20,000, 60,000. கூட்டினால் 6,00,000. பழைய கணக்கில் மூன்றாம் வருடம் 3,00,000 வந்திருக்கும். பின்னங்களைக் கூட்டினால் ஒன்று வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லையென்றால் எங்கோ பழைய வகுஎண் ஒட்டியிருக்கிறது.

வருமான வரிக்கு இதில் எதுவும் செல்லாது. அங்கே பிளாஸ்டிக் தொழிற்சாலை மோல்டு தன் 30 சதவீதத் தொகுதியில், குறைந்துவரும் மதிப்பில் போகும். ஷாட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். புத்தகத்துக்கும் வரிக்கும் உள்ள வித்தியாசம் மாறும், ஒத்திவைத்த வரியை மாற்றிப் போடுங்கள்.

எங்கள் சாஃப்ட்வேரில் நேர்கோடு, குறைந்துவரும் மதிப்பு என்று இரண்டுதான் இருக்கிறது, இன்னமும் எக்ஸெல்லில் போட்டு மாத ஜர்னல் அடிக்கிறேன். பிளாஸ்டிக்கை மாற்றுகிற மீட்டிங்குக்குக் கொள்முதல், உற்பத்தி, தரம் என்று எல்லோரையும் கூப்பிட்டார்கள், டீயும் வடையும் வந்ததாம். அக்கவுண்ட்ஸுக்கு மட்டும் சொல்லவில்லை. அப்புறம் லாபம் குறைந்தபோது முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார், "ஷாட்டுக்கு ரெண்டு ரூபா இருந்தது ஏன் மூணு இருவது ஆச்சு" என்று. மோல்டு செய்தவரின் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.