வீடியோவில் இருந்து திவசம் செய்தால் அது நான் செய்ததாகுமா?

கேள்வி: "நான் கனடாவில். திருகோணமலையில் அப்பாவின் ஆட்டைத் திவசம். மூத்த மகன் நான் போக ஏலாது. வீடியோவில் நின்றால் போதுமா? அக்காவின் மகன் எனக்காகச் செய்யலாமா?"

செய்யலாம். ஆனால் தொடங்க முதல் உங்கள் வாயால் அவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அதைச் செய்யாததால் உப்புவெளியில் எங்கள் வீட்டில் அப்பாவின் அந்தியேட்டி குழம்பிப்போனது.

ஒரே மகனான அண்ணா டொரொண்டோவில். என் மகன் தர்ப்பை போட்டு இருந்தான். குருக்கள் சொல்லச் சொல்ல இரண்டு பேருமே திருப்பிச் சொன்னார்கள். அண்ணாவின் குரல் இரண்டு செக்கன் பிந்தி வந்து மகனின் குரலில் மோத, குருக்கள் பாதியில் நிறுத்தினார். பிண்டம் வைக்கும் நேரம் லைனும் அறுந்தது. தொடர்வதா, அண்ணா வரும்வரை இருப்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மகன் கையில் எள்ளோடு என்னைப் பார்த்தபடி இருந்தான். அண்ணா திரும்பி வந்தபோது பிண்டம் வைத்து முடிந்திருந்தது. "படம் பார்த்த மாதிரி இருக்கு" என்று அழுதார்.

ஆட்டைத் திவசத்துக்கு முதல் குருக்களிடம் போய்க் கேட்டோம். கர்த்தா அண்ணாதான், சங்கற்பத்தில் அவர் பெயரையும் சொல்லி மகன் அவருக்காகச் செய்வதாகச் சொல்லுவோம் என்றார். அன்று காலை அண்ணா எல்லாருக்கும் கேட்க, "அப்பாவுக்கு நான் செய்யவேண்டியதை என்ர மருமகன் எனக்காகச் செய்யட்டும்" என்று சொன்னார். மகன் "சரி மாமா" என்ற பிறகே பவித்திரம் போட்டான். பிறகு லைன் அறுந்தாலும் கிரியை நிற்கத் தேவையில்லை. பொறுப்பு அவன் கையில்.

அதன்பின் அண்ணா மைக்கை நிறுத்திவிட்டு அங்கே தானாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிண்டம் ஓரிடத்தில்தான், அது இங்கே. அவர் கடைசியில் எள்ளும் தண்ணீரும் மட்டும் இறைத்தார். எங்கள் குருக்கள் விட்டது அவ்வளவுதான். சிலர் இதற்கும் சம்மதிக்கமாட்டார்கள், ஆகவே உங்கள் குருக்களிடம் ஒரு கிழமைக்கு முதலே கேளுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். கிரியை நடப்பது இங்கே என்பதால் திதியும் இங்கத்தையதுதான். ஆவணியில் இங்கே காலை 7 மணி என்றால் டொரொண்டோவில் முதல்நாள் இரவு 9.30. அந்தியேட்டி அன்று அண்ணா நாளைக்குத்தானே என்று நினைத்து இரவு மீன்கறியோடு சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். திவசத்துக்கு அவருடைய முதல்நாள் காலையிலிருந்தே விரதம் இருந்தார்.

போனை ஆள் கையில் கொடுக்காதீர்கள். இருப்பவரின் மடி உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள், பிண்டமும் கையும் தெரிய வேண்டும். இலவச சூம் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும், நாங்கள் வாட்ஸப்பில் எடுத்தோம். பிண்டத்தைக் கடலில் கரைக்கப் போனபோதும் மகன் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனான். முழங்கால் தண்ணீரில் நின்று, "மாமா, விடட்டா?" என்று கேட்டான். அண்ணா "விடு" என்றார்.