சந்தா டிபன் கணக்கு: 12.9 சதவீதமா, 21.9 சதவீதமா?

"வேலூரிலும் காட்பாடியிலும் மாதச் சந்தா முறையில் டிபன் கேரியர் கொடுக்கிறோம். விளம்பரம் பார்க்கிற ஏஜென்சிதான், வாடிக்கையாளர்களைச் சேர்ந்த மாதவாரியாகப் பிரித்துக் காட்டும் கோஹார்ட் அட்டவணையை மாதாமாதம் தருகிறது. ஏப்ரலில் சர்ன், அதாவது சந்தாவை நிறுத்தியவர்களின் விகிதம், 12.9 சதவீதம்தான் என்கிறார்கள். எனக்கென்னவோ அதைவிட நிறைய பேர் நின்றுபோன மாதிரி தெரிகிறது. இதை நானே சரிபார்க்க முடியுமா? அட்டவணையும் வாடிக்கையாளர் பட்டியலும் இணைத்திருக்கிறேன்."
— ஒரு வாசகர், குடியாத்தம்

முடியும். ஒரு பேனாவும் போனில் இருக்கிற கால்குலேட்டரும் போதும். உங்கள் சந்தேகம் சரிதான், அந்த 12.9 தப்பு. ஆனால் சரியான எண்ணைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் வேலை, சதவீதம் போட்ட அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு தலைகளை எண்ணுவது. சதவீதத்தை மட்டும் அனுப்பும் யாரிடமும், அது எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். நல்லவேளை, உங்கள் பட்டியலில் பெயர்கள் இருப்பதால் நானே எண்ணிவிட்டேன். எந்த மாதம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எந்த மாதத்துக்குப் பணம் கட்டினார்கள் என்பது இது:

| சேர்ந்த மாதம் | ஜனவரி | பிப்ரவரி | மார்ச் | ஏப்ரல் |
|---|---|---|---|---|
| ஜனவரி | 120 | 90 | 78 | 72 |
| பிப்ரவரி | | 80 | 60 | 51 |
| மார்ச் | | | 150 | 102 |
| ஏப்ரல் | | | | 200 |

படுக்கை வாட்டில் படித்தால் ஒரே மாதம் சேர்ந்த கூட்டம் எப்படிக் கரைகிறது என்று தெரியும். மேலிருந்து கீழே படித்தால் ஒரு மாதத்தில் மொத்தம் யார் யார் இருந்தார்கள் என்று தெரியும். ஏப்ரல் விலகலுக்கு மார்ச் பத்தியையும் ஏப்ரல் பத்தியையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். மார்ச்சில் இருந்தவர்கள் 78, 60, 150, ஆக 288 பேர். அதே 288 பேரில் ஏப்ரலிலும் பணம் கட்டியவர்கள் 72, 51, 102, ஆக 225 பேர். நின்றவர்கள் 63. 63-ஐ 288-ஆல் வகுத்தால் 21.9 சதவீதம். ஏப்ரல் மாத சர்ன் இதுதான்.

அப்புறம் 12.9 எங்கிருந்து வந்தது? 288-உடன் ஏப்ரலில் புதிதாகச் சேர்ந்த 200 பேரையும் கூட்டி, 488-ஆல் வகுத்திருக்கிறார்கள். 63-ஐ 488-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 12.9 வரும். நேற்று சேர்ந்து ஒரு மாதப் பணம் கட்டியவர் இன்று எப்படி நிற்க முடியும்? அவருக்கு இரண்டாவது தவணை மே மாதம்தானே வருகிறது. நிற்க வாய்ப்பே இல்லாத 200 பேரை வகுக்கும் எண்ணில் சேர்த்தால் விகிதம் தானாகவே குறையும். விளம்பரத்துக்கு அதிகம் செலவழித்து 500 பேரைச் சேர்த்திருந்தால் இதே 63 பேர் நின்றதை எட்டு சதவீதமாகக் காட்டியிருப்பார்கள், உங்கள் சமையலோ டெலிவரியோ கொஞ்சம்கூட மாறாமலேயே. மாத ஆரம்பத்தில் கையில் இருந்தவர்கள், அதில் அந்த மாதம் பணம் கட்ட வேண்டியவர்கள், இவர்கள் மட்டும்தான் கீழ் எண்.

இன்னொரு பொறி படுக்கை வரிசையில் இருக்கிறது. ஜனவரி வரிசையைச் சதவீதமாக்கினால் 100, 75, 65, 60. இதில் 65-லிருந்து 60 போக ஐந்து, ஆகவே ஏப்ரலில் ஜனவரிக்காரர்களின் விலகல் ஐந்து சதவீதம் என்று ஏஜென்சி எழுதியிருக்கிறது. அந்த ஐந்து, முதலில் சேர்ந்த 120 பேரில் ஐந்து சதவீதம். ஆனால் மார்ச்சில் உங்களிடம் இருந்ததே 78 பேர்தான், அதில் 6 பேர் நின்றார்கள், அது 7.7 சதவீதம். தப்பா சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: 65-ல் 7.7 சதவீதத்தைக் கழித்தால் 60 வந்து நிற்கும். 5 சதவீதத்தைக் கழித்தால் 61.75 வரும், அட்டவணையில் இருக்கிற 60-உடன் ஒட்டாது. ஒட்டவில்லை என்றால் யாரோ இரண்டு கட்டங்களை வெறுமனே கழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இவ்வளவு நேரம் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விளம்பரம் செய்கிறவரே விளம்பரத்தின் பலனை அளந்தும் கொடுப்பது பெரிய தவறு, இதை நான் பார்க்கிற ஒவ்வொரு சிறு வியாபாரியிடமும் சொல்லி அலுத்துவிட்டேன். புது வாடிக்கையாளர் ஒருவருக்கு இவ்வளவு என்று நீங்கள் அவர்களுக்குப் பணம் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் போனவர்கள் குறைவாகத் தெரிவதும் வந்தவர்கள் அதிகமாகத் தெரிவதும் இரண்டுமே அவர்களுக்கு லாபம். சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஒருவர் தண்ணீர் கேன் சந்தா நடத்தினார். ஒரு வருடம் அந்த மாதிரி அட்டவணையை நம்பி வண்டி வாங்கி, ஆளையும் சேர்த்துவிட்டார். ஒருநாள் இரவு கூடத்தில் உட்கார்ந்து டெலிவரி நோட்டை நானும் அவரும் பக்கம் பக்கமாகப் புரட்டினோம், அட்டவணையில் 'தொடர்கிறார்' என்று இருந்த பலருடைய பெயருக்கு நேராக மூன்று மாதமாக ஒரு டிக் குறிகூட இல்லை. உங்களிடமும் கேரியர் நோட்டு இருக்கும். ஏப்ரல் நடுவில் ஏதாவது ஒரு நாள் எத்தனை கேரியர் வெளியே போனது என்று எண்ணுங்கள். 225 பழையவர்கள், 200 புதியவர்கள், ஆக 425 பக்கத்தில் வரவேண்டும். அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவர்களால் பத்து இருபது குறையலாம், எண்பது குறையக் கூடாது.

உங்கள் பட்டியலில் அந்த 200-ஐப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. அதில் 8 பேர் புதியவர்களே இல்லை. யுபிஐ ஆட்டோபேயில் அந்த மாதம் கணக்கில் பணம் இல்லாமலோ வங்கியை மாற்றியதாலோ தவணை போகாமல் நின்றுவிடும், அவர்கள் மறுபடி புதிதாக ஒப்புதல் கொடுத்துச் சேருவார்கள். நீங்கள் வைத்திருக்கிற பில்லிங் மென்பொருள் உடனே அவர்களுக்கு வேறு ஐடி போட்டுவிடுகிறது. அதே பெயர், அதே போன் நம்பர், அதே வீடு, ஒரு நாள்கூடச் சாப்பாடு நிற்கவில்லை, ஆனால் அட்டவணையில் ஒருவர் செத்து இன்னொருவர் பிறந்துவிட்டார். சந்தா வியாபாரத்துக்கென்றே விற்கிற மென்பொருளில் போன் நம்பரை ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு சின்ன வேலையைக்கூடச் செய்யாமல் விட்டிருப்பது என்ன பொறுப்பு என்று எனக்குப் புரியவில்லை. அந்த 8 பேருக்கும் 'புது வாடிக்கையாளர்' என்று ஏஜென்சிக்கு நீங்கள் பணம் வேறு கட்டியிருக்கிறீர்கள். பட்டியலில் போன் நம்பர் B பத்தியில் இருப்பதால், காலியான ஒரு பத்தியில் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=COUNTIF(B:B,B2)
```

2 அல்லது அதற்கு மேல் வருகிற நம்பரெல்லாம் இரண்டு முறை எண்ணப்பட்டவர்கள். நம்பருக்கு முன்னால் ஒரு இடத்தில் 91 இருந்து இன்னொரு இடத்தில் இல்லாவிட்டால் தப்பிவிடும், அதை முதலில் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். எட்டுப் பேரையும் பழைய வரிசைக்குத் திருப்பினால் நின்றவர்கள் 63 இல்லை, 55. சர்ன் 19.1 சதவீதம். புதியவர்கள் 192.

சரி, பாக்கி இருக்கிறது என்று சொன்ன விஷயம். 19.1 என்றால் ஐந்தில் ஒருவர் மாதாமாதம் போகிறார், கடையை மூடவேண்டிய எண் அது. ஆனால் உங்கள் பட்டியலில் முகவரியைப் பாருங்கள். மார்ச்சில் சேர்ந்த 150 பேரில் 45 பேர் சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜ்களில் தங்கியிருந்தவர்கள். மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்து, சிகிச்சை முடியும்வரை அறை எடுத்துத் தங்குகிற குடும்பங்கள். அவர்களில் ஏப்ரலிலும் சாப்பாடு வாங்கியவர்கள் 9 பேர். மீதி 36 பேரும் உங்கள் சாம்பார் பிடிக்காமல் போகவில்லை, நோயாளி குணமாகி ரயில் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் தக்கவைக்க எந்தச் சலுகையாலும் முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். ஒரு மாதத்துக்கு வருகிறவர்களை ஒரு மாத வியாபாரமாகவே பாருங்கள், முன்பணம் வாங்குங்கள், அவர்களைச் சேர்க்க ஆகிற விளம்பரச் செலவு அந்த ஒரே மாத லாபத்துக்குள் அடங்குகிறதா என்று மட்டும் கணக்குப் பாருங்கள். லாட்ஜில் இருந்தாலும் நீண்ட சிகிச்சைக்கு வந்தவர்கள் மூன்று நான்கு மாதம் இருப்பார்கள், அந்த 9 பேர் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கவேண்டும், ஆனாலும் அவர்களை லாட்ஜ் கணக்கிலேயே வையுங்கள், ஊர்க்காரர்களோடு சேர்க்காதீர்கள். ஜனவரியில் சேர்ந்தவர்கள் முதல் மாதமே 120-லிருந்து 90 ஆனதும் இதனால்தான். அந்த மாதங்களில் லாட்ஜ் முகவரி கொடுத்தவர்கள் எல்லோரும் மார்ச்சுக்கு முன்பே கிளம்பிவிட்டதாக உங்கள் பட்டியலே காட்டுகிறது.

இப்போது ஊர்க்காரர்களை மட்டும் எடுங்கள். மார்ச்சில் இருந்தவர்கள் 288-ல் லாட்ஜ் 45 போக 243. நின்றவர்கள் 63-ல் லாட்ஜ் 36 போக 27, அதில் ஆட்டோபே தடங்கலால் ஐடி மாறிய 8 பேரும் ஊர் முகவரிக்காரர்கள்தான் என்பதால் அவர்களையும் கழித்தால் 19. 19-ஐ 243-ஆல் வகுத்தால் 7.8 சதவீதம். இந்த 19 பேருக்குத்தான் நீங்கள் போன் போட்டு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவேண்டும். காந்தி நகரிலும் சத்துவாச்சாரியிலும் வீடு இருக்கிறவர்கள், நாளைக்கும் இங்கேதான் இருப்பார்கள், அவர்கள் போனதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அடுத்த மாதம் முதல் ஏஜென்சியிடம் அட்டவணையே கேட்க வேண்டாம். நீங்களே இரண்டு அட்டவணை போடுங்கள், ஒன்று லாட்ஜ், ஒன்று ஊர், இரண்டிலும் தலை எண்ணிக்கை முதலில், சதவீதம் அதன் பக்கத்தில். மே மாதக் கட்டத்தை மட்டும் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். 20-ஆம் தேதி தவணை கட்டவேண்டியவரை 15-ஆம் தேதியே 'நின்றுவிட்டார்' என்று எழுதிவிடுவீர்கள். ஜூன் முதல் வாரம் தவணையெல்லாம் வந்து சேர்ந்த பிறகு போட்டால் போதும்.