இரவில் ஏறும் அழுத்தம்: கீழ்மாடிக் குழாய்கள் ஏன் அதிர்கின்றன?

"எங்களுடையது சுங்கைப்பட்டாணியில் 17 மாடி அப்பார்ட்மெண்ட். ஆறு மாதமாகக் கீழ்மாடிகளில் ராத்திரி பைப் 'டக் டக்'கென்று அடிக்கிறது, சில நேரம் உறுமுகிறது. 1, 2, 4-ஆம் மாடிகளில் வாஷிங் மெஷின் ஹோஸ் வெடித்து வீடெல்லாம் தண்ணீர். மேல்மாடிக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. பழைய பைப்பையெல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார் காண்டிராக்டர். இப்போதைக்கு 8-ஆம் மாடியில் கேட் வால்வைப் பாதி மூடிவிட்டுப் போயிருக்கிறார். என்ன செய்வது?"

பைப்பை மாற்றும் செலவில் இப்போது இறங்காதீர்கள். வெடித்த மாடிகளைப் பாருங்கள்: 1, 2, 4. பழைய பைப்தான் காரணம் என்றால் மேலும் கீழும் கலந்து வெடித்திருக்க வேண்டும். கீழே மட்டும் வெடிப்பது, 8-ஆம் மாடியில் இருக்கும் அழுத்தக் குறைப்பு வால்வு (பிஆர்வி) பிடிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

மேட்டில் டாங்கி வைத்திருந்த தோட்டங்களில், பள்ளத்து லயத்து வீட்டில்தான் பைப் சீறும். உங்கள் கட்டடமும் அப்படித்தான். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். மாடிக்கு 3 மீட்டர் என்று கொண்டால், மொட்டை மாடி டாங்கியின் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து சுமார் 54 மீட்டர். 1-ஆம் மாடி பைப் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே, நடுவில் எதுவும் குறைக்காவிட்டால் அங்கே 5.3 பார் நிற்கும். 8-ஆம் மாடி வால்வுக்கு 3.2 பார் வருகிறது, அதை 1.2 ஆகக் குறைத்து அனுப்பினால் 7-ஆம் மாடியில் 1.5 பார், 1-ஆம் மாடியில் 3.3 பார். இது சரியான நிலை. வால்வு கைவிட்டால் 4-ஆம் மாடிக்கு 4.4, 1-ஆம் மாடிக்கு 5.3. உங்கள் கட்டடத்தின் உண்மையான உயரத்தை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல ஹோஸ் 5.3 பாருக்கு வெடிக்காதே என்று கேட்கலாம். உண்மைதான், பல ஹோஸ்கள் 10 பார் தாங்கும் என்றே விற்கப்படுகின்றன. ஆனால் வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் மின்வால்வு கண்ணிமைக்கும் நேரத்தில் மூடுகிறது. ஓடிவந்த தண்ணீர் சட்டென்று நிற்கும்போது அதன் வேகம் முழுவதும் அடியாக மாறுகிறது. இரும்பு, செம்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் திடீரென்று நின்றாலே பத்து பாருக்கும் மேல் ஒரு கணம் எகிறக்கூடும். பிளாஸ்டிக் குழாயில் அதைவிடக் குறைவு. அழுத்தம் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் அடியும் கூடும். நீங்கள் கேட்கும் 'டக்' அதுதான். ஒவ்வொரு துவைப்பிலும் அந்த அடியை வாங்கும் ரப்பர், நட்டுக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் கிழியும். ஹோஸின் கம்பிப் பின்னலில் துருப்புள்ளியோ அந்த இடத்தில் சிறு புடைப்போ தெரிந்தால், அந்த ஹோஸை அன்றைக்கே மாற்றுங்கள்.

இப்போது சோதனை. 0 முதல் 10 பார் வரை காட்டும் மீட்டர் ஒன்றை ஹார்ட்வேர் கடையில் வாங்கி, 1-ஆம் மாடி வீடு ஒன்றில் வாஷிங் மெஷின் பைப்பில் மாட்டுங்கள். காலை ஏழு மணிக்கு எல்லாரும் தண்ணீர் எடுக்கும்போது ஒரு முறை, அதிகாலை மூன்று மணிக்கு ஒரு முறை பாருங்கள். ஐந்தரைக்கெல்லாம் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர்கள் பைப்பைத் திறந்துவிடுவார்கள், அதனால் மூன்று மணிதான் சரி. காலையில் 3 பார் பக்கம் காட்டி, இரவில் மெல்ல 5-க்கு ஏறினால், வால்வு முழுதாக மூடாமல் கசியவிடுகிறது. இரண்டு நேரமும் அளவுக்கு மேல் காட்டினால், வால்வு திறந்தபடியே நிற்கிறது என்று பொருள். முள் ஒரே தாளத்தில் மேலும் கீழும் ஆடினால் வால்வு நிலைகொள்ளாமல் தடுமாறுகிறது. உறுமலுக்குக் காரணம் அநேகமாக அதுவே.

பிஆர்வியைக் கழற்றுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான். பிஆர்விக்குப் பக்கத்தில் ஒரு பைபாஸ் குழாயும், அதில் மூடிய வால்வும் இருக்கும். அது லேசாகக் கசிந்தாலும் இரவில் இதே கோளாறு வரும். குடியிருப்பாளர்களுக்கு அறிவித்துவிட்டு, பிஆர்விக்கு முன்னும் பின்னும் உள்ள வால்வுகள் இரண்டையும் மூடுங்கள், பைபாஸும் மூடியே இருக்கட்டும். 1-ஆம் மாடி பைப்பைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு மூடுங்கள். அரை மணி நேரத்தில் மீட்டர் முள் திரும்ப ஏறினால், மூடியதாக நினைத்த வால்வுகளில் ஒன்று விடுகிறது. முதலில் பைபாஸைச் சந்தேகியுங்கள். இது தெரியாமல் புது பிஆர்வி போட்டால் பணமும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

பைபாஸ் சரியாக இருந்தால் பிஆர்வியைத் திறக்கலாம். இந்த அளவுக் குழாய்களில் பெரும்பாலும் பைலட் வகைதான் இருக்கும்: பெரிய வால்வின் தலையில் ஒரு ரப்பர் சவ்வு, பக்கத்தில் அதை இயக்கும் சின்ன பைலட், அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் விரல் மொத்தக் குழாய், அந்தக் குழாயில் ஒரு சின்ன வடிகட்டி. தண்ணீர் தடைப்பட்டுத் திரும்ப வரும்போது வரும் பழுப்பு வண்டலும், கழுவாத டாங்கியின் அடிச்சேறும் அந்த வடிகட்டியைத்தான் அடைக்கும். அடைத்தால் சவ்வின் மேல் அழுத்தம் சேராது. வால்வு மூட முடியாமல் திறந்தே நிற்கும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது கால் மணி நேர வேலை. அது சுத்தமாக இருந்தால் சவ்வு கிழிந்திருக்கிறதா, மூடும் ரப்பரில் கல்லோ வெட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பைலட்டின் ஸ்பிரிங் கூட்டிலுள்ள துளை வழியாகத் தண்ணீர் சொட்டினால் பைலட் சவ்வு போய்விட்டது. அந்த மாடலுக்கான ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டால் போதும், வால்வு உடம்பை மாற்றத் தேவை வருவது குறைவு.

திரும்பப் பூட்டும்போது மேல் மூடியின் பிளக்கைத் தளர்த்தி, காற்று முழுவதும் போய்த் தண்ணீர் மட்டும் வரும்வரை விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் வால்வு மறுபடி தடுமாறும். பிறகு கீழே ஒரு பைப்பை மெல்ல ஓடவிட்டு, பைலட் திருகைக் கால் சுற்று திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து மீட்டரைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் வலப்பக்கம் திருப்பினால் அழுத்தம் ஏறும். அன்றிரவு மூன்று மணிக்கும் அளவு ஏறாமல் நின்றால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

கசியும் வால்வைத் திருகை இறக்கிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். மூட முடியாத ரப்பர் இரவில் கசிந்துகொண்டேதான் இருக்கும். பகலில் 7-ஆம் மாடிக்குத் தண்ணீர் எட்டாமல் போகும். பாதி மூடிய கேட் வால்வும் அப்படியே: தண்ணீர் ஓடும்போதுதான் அது தடுக்கும். ஓட்டம் நின்ற இரவில் இரு பக்கமும் ஒரே அழுத்தம் வந்துவிடும், ஹோஸ் வெடிப்பதும் நிற்காது. பழுது பார்த்ததும் அதை முழுதாகத் திறந்துவிடச் சொல்லுங்கள். அதுவரை கீழ் ஏழு மாடிக்காரர்கள் துவைத்து முடித்ததும் மெஷினுக்குப் போகும் பைப்பை மூடிவைக்கட்டும்.

பல வீடுகளுக்குப் பொதுவான வால்வு என்பதால், 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி இது பொதுச்சொத்து. பழுதுபார்ப்பது கட்டட நிர்வாக அமைப்பின் பொறுப்பு. ரிப்பேருக்கு ஆள் வரும்போதே, பிஆர்விக்குப் பின்னால் ஒரு அழுத்த மீட்டரும், 2 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள். அதன் வாய் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வடியட்டும். அங்கே தண்ணீர் சொட்டுவதைப் பார்த்த அன்றே 8-ஆம் மாடிக்கு ஆளை அனுப்பலாம்.