பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு வாங்க வேண்டிய ஒரு சான்று

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும் கூட வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். சான்றிதழ்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள்; தமிழ் வழியில் பயின்றதற்கான சான்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களுடைய அவசரம் இங்கே பலருக்கும் இருக்கும்.

கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா. மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பெண்ணின் மாமா ஒருவர், தெரிந்த ஆள் மூலம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குப் பேசி வைத்துவிட்டார். முன்பணம் கட்டி ஒரிஜினல் சான்றிதழ்களை எல்லாம் கொடுத்தால் இடம் உறுதியாம். "நாளைக்குள்ள கொடுக்கணும்னு சொல்றாங்க சார், கொடுத்துடலாமா?" என்று அப்பா கேட்டார்.

கொடுக்காதீர்கள் என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். இடம் பிடித்துத் தருகிறேன் என்று வருபவர் கையில் ஒரு ஒரிஜினல்கூடப் போகக் கூடாது. கல்லூரியே கேட்டாலும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்; மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே அறிவித்திருக்கிறது. சேர்ந்த கல்லூரியில் விட்டுவிட்டு வர வேண்டியது மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. மட்டும்தான். மற்றவை உங்கள் பீரோவில் இருக்க வேண்டும். முதலில் கேட்ட கல்லூரியில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அதைவிட நல்ல இடம் கலந்தாய்வில் கிடைத்தபோது தாளை மீட்க முடியாமல் தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்கையும் பாருங்கள். அந்தப் பெண் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் உரியவள். பொறியியல்தான் வேண்டும் என்றாலும் அரசுக் கலந்தாய்வு வழியே போனால் இந்த இரண்டில் ஒன்று அவளுக்குக் கை கொடுக்கும். 7.5 சதவீதத்தில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இரண்டுமே கிடையாது. இலவசமாகக் கிடைக்கக்கூடியதை வட்டிக்கு வாங்கிய பணத்தில் வாங்கச் சொல்லும் உறவினருக்கு மறுப்புச் சொல்வதில் தவறே இல்லை.

இதையெல்லாம் பேசிய பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டரில் ஈடுபாடு இல்லை. வரலாறு பிடிக்கும். கிராம நிர்வாக அலுவலர் ஆக வேண்டும், பிறகு குரூப் 2 எழுத வேண்டும் என்று மனதில் வைத்திருக்கிறாள். வீட்டில் யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

அப்படியானால் அவள் கையில் இருக்க வேண்டிய மிக முக்கியமான சான்றை யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று இதெல்லாம் எப்படியும் வாங்கிவிடுவீர்கள், கலந்தாய்வு கேட்கும். நான் சொல்வது தமிழ் வழியில் பயின்றதற்கான சான்று. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பி.எஸ்.டி.எம். என்பார்கள். கல்லூரிச் சேர்க்கையில் பொதுவாக இதைக் கேட்பதில்லை. அதனால்தான் பள்ளியை விடும்போது யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை.

தமிழ்நாடு அரசு வேலைகளில், நேரடி நியமன இடங்களில் 20 சதவீதம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. அப்போது ஒரு ஓட்டை இருந்தது. பள்ளி முழுக்க ஆங்கில வழியில் படித்துவிட்டு, பட்டத்தை மட்டும் தமிழ் வழியில் வாங்கியவர்களும் இந்தச் சலுகையைக் கேட்டார்கள். 2020-ல் திருத்தம் கொண்டுவந்து அதை அடைத்தார்கள். இப்போது பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள வேலைக்குப் பள்ளிப் படிப்பு தமிழ் வழியில் இருக்க வேண்டும். பட்டம் கேட்கும் வேலைக்குப் பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். தேர்வைத் தமிழில் எழுதினேன் என்பது போதாது. வகுப்பில் உட்கார்ந்து தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும்; தனித் தேர்வராக எழுதியவர்களுக்கு இது கிடைக்காது.

சான்றைத் தருபவர் தலைமையாசிரியர். படிவத்தைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அந்தப் படிவத்திலேயே வாங்குங்கள்; பள்ளியின் லெட்டர்பேடில் "இவர் தமிழ் வழியில் படித்தார்" என்று ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் சரிபார்ப்பில் நிற்காது. எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்தக் கல்வியாண்டு, பயிற்று மொழி எது, தலைமையாசிரியர் கையெழுத்து, தேதி, அலுவலக முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். இ-சேவை வழியாக விண்ணப்பிக்கும் வசதியும் வந்திருக்கிறது. ஆனாலும் பள்ளிப் பதிவேட்டில் இருப்பதுதான் சான்றில் வரும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். அந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் மூன்று வரை பாட்டி ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நான்கும் ஐந்தும் சொந்த ஊரில் ஒன்றியப் பள்ளி. ஆறிலிருந்து பக்கத்து டவுனில் மேல்நிலைப் பள்ளி. ஆக மூன்று சான்றுகள். மேல்நிலைப் பள்ளியில் உடனே கிடைத்துவிடும், அவளைத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாட்டி ஊர்ப் பள்ளியில் இப்போது இருக்கும் தலைமையாசிரியருக்கு அவளைத் தெரியாது. அவர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயரைத் தேடி எடுத்து, அதைப் பார்த்துத்தான் எழுதித் தர முடியும். அங்கே போகும்போது சேர்க்கை எண்ணோ சேர்ந்த வருடமோ கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அந்த எண் பழைய டி.சி.யில் இருக்கும், அது அடுத்த பள்ளியின் கோப்பில் இருக்கும். இன்று அவள் அந்தப் பள்ளியின் மாணவி, எழுத்தரிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். ஐந்து வருடம் கழித்து வெளியாளாக வந்து கேட்டால் அலைய வேண்டியிருக்கும். இதற்காகத்தான் பள்ளியை விடும் முன்பே என்று வற்புறுத்துகிறேன்.

பிள்ளைகள் குறைந்து சில தொடக்கப் பள்ளிகள் மூடப்படுகின்றன அல்லது பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப்படுகின்றன. உங்கள் பள்ளி அப்படிப் போயிருந்தால், பதிவேடு எங்கே இருக்கிறது என்று வட்டாரக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் இருக்கின்றன. தமிழ் வழி வகுப்பில் படித்த பிள்ளையின் டி.சி.யில் பயிற்று மொழி ஆங்கிலம் என்று தவறுதலாக விழுந்திருந்தால், பின்னால் சான்றும் டி.சி.யும் ஒன்றுக்கொன்று முரண்படும். டி.சி.யை வாங்கியதும் மதிப்பெண் கூட்டுவதற்கு முன் அந்தக் கட்டத்தைப் படியுங்கள். தவறு என்றால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் டி.சி.யிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன படிப்பு, அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு. மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "பி.ஏ. படிச்சு என்ன பண்றது?" என்றார். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும் படிப்பு இது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் இருக்கிறது. மூன்று வருடம் முடிந்தால் பத்து, பன்னிரண்டு, பட்டம் எல்லாம் தமிழ் வழியில் இருக்கும், குரூப் 2-க்கு 20 சதவீத முன்னுரிமையைக் கேட்கலாம். பெரும்பாலும் ஆங்கில வழியிலேயே நடக்கும் பொறியியலில் சேர்ந்திருந்தால் பட்டம் கேட்கும் பதவிகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். ஒரே பாடம் சில கல்லூரிகளில் தமிழ் வழி, ஆங்கில வழி என இரண்டு பிரிவாக இருக்கும். சேர்க்கையன்று எந்தப் பிரிவில் பெயர் எழுதுகிறார்கள் என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தச் சான்று வேலை வாங்கித் தந்துவிடாது. அந்த 20 சதவீதத்துக்குள்ளும் கடும் போட்டி இருக்கிறது. ரயில்வே, வங்கி போன்ற மத்திய அரசு சார்ந்த தேர்வுகளில் இது செல்லாது. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு 21 வயது ஆக வேண்டும் என்பதால் அவள் காத்திருக்கவும் வேண்டும். எல்லாவற்றையும் பெற்றோர் முன்னால் சொன்னேன். அவள் "நான் இதையே படிக்கிறேன்" என்றாள். விருப்பத்தைப் பிள்ளை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு, சொந்தக்காரர் என்ன நினைப்பார் என்று கடன் வாங்கி வேறொன்றில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி பாதுகாப்பு. தேர்வு முடிவு வந்ததும் கையில் கிடைப்பது தற்காலிக மதிப்பெண் சான்றிதழ். அசல் பிறகுதான் வரும். கல்லூரியில் சேர்ந்த மகிழ்ச்சியில் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள், பள்ளி அலமாரியில் கிடக்கிறது. போய் வாங்கிவிடுங்கள்.

எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ போகும்போது தாளின் பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டி வரும், லேமினேட் செய்த தாளில் வைக்க முடியாது. உறைகள் உள்ள பிளாஸ்டிக் கோப்பு ஒன்று போதும். மழை வெள்ளம் ஏறும் வீடாக இருந்தால் ஜிப் வைத்த கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். மதிப்பெண் சான்றிதழை டிஜிலாக்கரிலும் எடுத்துக்கொள்ளலாம். தொலைந்துபோனால் முதலில் போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு இரண்டாம் படிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும், கலந்தாய்வு உங்களுக்காகக் காத்திருக்காது.

டி.சி.யைக் கல்லூரியில் கொடுக்கும் முன் இருபக்கமும் நகல் எடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். எந்தத் தாளை, எந்தத் தேதியில், யாரிடம் கொடுத்தீர்கள் என்று கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, அந்தச் சீட்டையும் அங்கேயே பின் பண்ணி வையுங்கள்.